கூப்பன் குறியீட்டைக் கணினி ஏற்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுது பார்க்கும் வழி

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் கடைகள், தைலக் கடைகள், சிறு விடுதிகள் சிலவற்றுக்குப் பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சீசன் தொடங்கியதும் தள்ளுபடிக் கூப்பன் அச்சடிப்பார்கள். அடுத்த வாரமே தொலைபேசி அடிக்கும். வருகிற புகார்கள் ஏறக்குறைய எப்போதும் நான்குதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

நான் இப்போது எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கும் எழுத்துத் தொகுப்பு இது. கீழே அடிக்கடி வரும்:

```
3479CFHJKMPRTWXY
```

மொத்தம் 16 எழுத்துகள். மற்ற 20 எழுத்துகளிலும் எண்களிலும் பெரும்பாலானவை ஏன் வெளியே போயின என்பது அந்தந்த அறிகுறியில் தெரியும்.

## அறிகுறி 1: சீட்டு கையில் இருக்கிறது, கணினி "இல்லை" என்கிறது

முதலில் அந்தச் சீட்டை நீங்களே கையில் வாங்கி, பார்த்து, மெதுவாக அடியுங்கள். வாடிக்கையாளர் ஊருக்குப் போய்விட்டார் என்றால் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் பழுது சீட்டில் இல்லை, சீட்டிலிருந்து கணினிக்கு வரும் வழியில் இருக்கிறது. 1அ, 1ஆ இரண்டையும் பாருங்கள். அப்போதும் ஏற்கவில்லை என்றால் 1இ. அச்சு பளிச்சென்று இருந்தும் ஏற்கவில்லை என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

### 1அ: இடைவெளியும் சிறுகோடும்

படிக்க வசதியாக `K7RM-4TXJ` என்று நடுவில் கோடு போட்டு அச்சடிக்கிறோம். வாடிக்கையாளர் கோடு இல்லாமல் அடிப்பார், அல்லது கோட்டுக்குப் பதிலாக இடைவெளி விடுவார். சிறிய எழுத்தில் அடிப்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பிலிருந்தும் வேறு ஆவணங்களிலிருந்தும் வெட்டி ஒட்டும்போது குறியீட்டின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். சில நேரம் சாதாரணக் கோட்டின் இடத்தில் நீண்ட கோடு வந்து உட்கார்ந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு எழுத்து.

சோதிப்பது எளிது. அதே குறியீட்டைக் கோடில்லாமல், பெரிய எழுத்தில், கையால் அடித்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் உள்ளீட்டைத் துப்புரவு செய்யும் வேலையை மென்பொருள் செய்யவில்லை என்று பொருள். எழுத்தும் எண்ணும் தவிர மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டுத்தான் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலிலும் குறியீடு கோடில்லாமல் இருக்க வேண்டும். கோடு அச்சில் மட்டும் போதும்.

### 1ஆ: தொலைபேசியில் கேட்டு எழுதியது

எங்கள் பக்கத்தில் அதிகம் தொல்லை தருவது இதுதான். மலைச்சரிவில் இருக்கும் கிளைக் கடையில் இணையம் நிற்காது. கடையில் இருக்கும் பெண் தலைமைக் கடைக்குப் போன் போட்டுக் குறியீட்டை வாசிப்பார். சிக்னல் பாதி விழுங்கிவிடும்.

"கே, ஏழு, ஆர், எம்..."

"ஆர் சொன்னீர்களா அக்கா, ஆறு சொன்னீர்களா?"

குழப்பும் எழுத்துகள் என்று எங்கும் கிடைக்கும் பட்டியலில் `0`-`O`, `1`-`I`-`L`, `5`-`S`, `2`-`Z`, `8`-`B` ஆகியவை இருக்கும். அவை கண்ணுக்குக் குழப்பம் தருபவை. நம் ஊரில் குறியீடு காது வழியாகவும் பயணிக்கிறது. எழுத்தை ஆங்கிலத்திலும் எண்ணைத் தமிழிலும் கலந்து சொல்வது நம் வழக்கம். அதனால் `R` ஆர், `6` ஆறு. `L` எல், `7` ஏழு. `H` எச், `8` எட்டு. போதாக்குறைக்கு, வல்லினத்தில் நாம் பலத்தையும் மென்மையையும் எழுத்தில் பிரிப்பதில்லை. கேட்டதைத் தமிழில் குறித்துக்கொள்கிறவர் `B`, `P` இரண்டையும் "பி" என்றும், `D`, `T` இரண்டையும் "டி" என்றும்தான் எழுதுவார். பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு எது என்று எப்படித் தெரியும்? `M`, `N` எந்த மொழிக்காரரையும் குழப்பும்.

எனவே ஒவ்வொரு இணையிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்கினேன். `R` இருக்கிறது, `6` இல்லை. `P` இருக்கிறது, `B` இல்லை. `T` இருக்கிறது, `D` இல்லை. `M` இருக்கிறது, `N` இல்லை. `7` இருக்கிறது, `L` இல்லை. `J` இருக்கிறது, `G` இல்லை.

இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. விலக்கிய எழுத்து எந்தச் சீட்டிலும் இருக்க முடியாது. ஆகவே யாராவது `D` என்று அடித்தால் அவர் கேட்டது `T`-யைத்தான் என்று மென்பொருளே திருத்திக்கொள்ளலாம். இரண்டையும் விலக்கியிருந்தால் எந்தப் பக்கம் திருத்துவது என்று தெரியாது. இரண்டையும் வைத்திருந்தால் திருத்தவே முடியாது. துப்புரவும் திருத்தமும் சேர்ந்து பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import re

def clean(s):
    s = re.sub(r"[^A-Z0-9]", "", s.upper())
    return s.translate(str.maketrans("BDGN6", "PTJMR"))
```

ஆசைப்பட்டு இந்த மாற்றுப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். `8` என்று ஒருவர் அடித்தால், காதால் கேட்டவருக்கு அது `H` ஆக இருக்கலாம், மங்கிய அச்சைப் பார்த்தவருக்கு `3` ஆக இருக்கலாம். இரண்டு பக்கமும் வழி இருக்கும் எழுத்தைத் திருத்தாமல் "மீண்டும் பாருங்கள்" என்று கேட்பதுதான் சரி. `S`-ம் அப்படியே: எஃப் ஆகவும் இருக்கலாம், எக்ஸ் ஆகவும் இருக்கலாம். திருத்திய குறியீட்டைத் திரையில் காட்டி, கவுண்டரில் இருப்பவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே தள்ளுபடி விழ வேண்டும்.

ஏற்கெனவே வேறு எழுத்துகளில் அச்சடித்துவிட்டீர்கள் என்றால், அந்தச் சீட்டுகள் தீரும் வரை இந்தத் திருத்தத்தைப் போட வேண்டாம். பழைய சீட்டில் உண்மையாகவே இருக்கும் `D`-யை இது `T` ஆக்கிவிடும்.

### 1இ: அச்சு மங்கியது

சூட்டில் அச்சாகும் பில் தாளில் கூப்பன் அடிக்கிறீர்களா? அந்தத் தாளில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சு சூட்டில் கறுப்பதுதான் எழுத்து. வெயிலும் எண்ணெயும் பட்டால் அது வெளிறும். யூகலிப்டஸ் தைலப் பாட்டிலோடு ஒரே பையில் போட்டுக் கொடுத்த சீட்டு ஊர் போய்ச் சேரும்போது என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்க்ஜெட்டில் அடித்த சீட்டுக்கு எதிரி பனிமூட்டமும் மழையும்.

மங்கிய அச்சில் `8` என்பது `3` ஆகும், `E` என்பது `F` ஆகும், `Q` என்பது `O` ஆகும். ஒவ்வொரு இணையிலும் ஒன்றையாவது எடுத்துவிட்டதால் பாதித் தொல்லை குறைகிறது. குறுக்குக்கோடு போட்ட பூஜ்யம் புள்ளி அச்சுப்பொறியில் `8` போலவே விழும் என்பதால் பூஜ்யமும் இல்லை. மிச்சம் இருக்கும் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். `R`-இன் கால் அழிந்தால் `P`. கையால் எழுதினால் `4`-ம் `9`-ம் ஒன்றுபோல் விழும். இவற்றையும் எடுக்கத் தொடங்கினால் தொகுப்பில் ஒன்றும் மிஞ்சாது.

சோதனை: குறியீட்டை அச்சடித்து, அதை ஒருமுறை நகல் எடுத்து, நகலை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் எழுத்துருவை மாற்றுங்கள், அளவைக் கூட்டுங்கள். அலங்கார எழுத்துருவில் கடைப் பெயரைப் போடுங்கள், குறியீட்டைப் போடாதீர்கள். தைலக் கடைக்காரர்களுக்கு நான் சாதாரண அச்சகத்தில் அட்டையாக அடிக்கச் சொல்வது வழக்கம். செலவு கூடும், சண்டை குறையும்.

### 1ஈ: மேலே சொன்னது எல்லாம் செய்தும் தவறு வருகிறது

இனி குறியீட்டின் அமைப்பையே மாற்ற வேண்டும். அடுத்த அச்சுக்குத்தான் இது உதவும். ஏழு எழுத்துகளைக் குலுக்கலில் எடுத்து, எட்டாவதாக ஒரு சரிபார்ப்பு எழுத்தைக் கணக்கிட்டுச் சேர்ப்பது வழி. தவறாக அடித்தால், பட்டியலைத் தேடும் முன்பே "தட்டச்சுப் பிழை" என்று கணினி சொல்லிவிடும். "உங்கள் கூப்பன் போலி" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்வதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. கிளைக் கடையில் இணையம் இல்லாதபோதும் இது வேலை செய்யும்.

```python
import secrets

A = "3479CFHJKMPRTWXY"
W = (1, 3, 5, 7, 9, 11, 13)

def check(b):
    return A[sum(w * A.index(c) for w, c in zip(W, b)) % 16]

def make(n, old=()):
    out, old = set(), set(old)
    while len(out) < n:
        b = "".join(secrets.choice(A) for _ in range(7))
        if b + check(b) not in old:
            out.add(b + check(b))
    return list(out)
```

ஒரு குறியீட்டைக் கையால் போட்டுப் பார்ப்போம். தொகுப்பில் `3` என்பது 0, `4` என்பது 1, இப்படியே போய் `Y` என்பது 15. குலுக்கலில் வந்தது `K7RM4TX`. அதன் மதிப்புகள் 8, 2, 11, 9, 1, 12, 14. இவற்றை முறையே 1, 3, 5, 7, 9, 11, 13 ஆல் பெருக்கினால் 8, 6, 55, 63, 9, 132, 182. கூட்டினால் 455. பதினாறால் வகுத்தால் மீதி 7. ஏழாம் மதிப்பு `J`. ஆக முழுக் குறியீடு `K7RM-4TXJ`.

இப்போது `4`-ஐ ஒருவர் `9` என்று படித்துவிட்டார். அந்த இடத்தில் 9-க்குப் பதில் 27 வருகிறது, கூட்டல் 473, மீதி 9. வர வேண்டியது `M`, சீட்டில் இருப்பது `J`. பிடிபட்டது. `RM` என்பதை `MR` என்று மாற்றி அடித்தாலும் கூட்டல் 459, மீதி 11, அதுவும் பிடிபடும்.

ஓர் எழுத்து மட்டும் தவறினால் இது எப்போதும் பிடிக்கும், ஏனெனில் பெருக்கும் எண்கள் அனைத்தும் ஒற்றைப்படை. அடுத்தடுத்த எழுத்துகள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும். மதிப்பில் சரியாக 8 வேறுபடும் இணைகள், எடுத்துக்காட்டாக `9`-ம் `R`-ம், இடம் மாறினால் தப்பிவிடும். சரிபார்ப்பு எழுத்தைப் பூட்டு என்று எண்ண வேண்டாம். கணக்குத் தெரிந்த எவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம். கடைசி முடிவு பட்டியலில் இருக்கிறதா என்பதுதான்.

## அறிகுறி 2: அச்சு தெளிவு, ஆனால் குறியீடு பட்டியலிலேயே இல்லை

### 2அ: தாள் தானாக மாறியது

குறியீடுகளை எக்செல் தாளில் இந்த மாதிரி சூத்திரம் போட்டு உருவாக்கினீர்களா?

```
=MID("3479CFHJKMPRTWXY",RANDBETWEEN(1,16),1)
```

`RANDBETWEEN` ஒவ்வொரு முறை தாள் கணக்கிடும்போதும் புதிதாகக் குலுக்கும். வேறு ஏதோ கட்டத்தில் ஒரு பெயரைத் திருத்தினாலும் போதும், எல்லாக் குறியீடுகளும் மாறிவிடும். அச்சகத்துக்கு அனுப்பியது காலைத் தாள், மென்பொருளில் ஏற்றியது மாலைத் தாள். கூகுள் ஷீட்டிலும் இதே கதைதான்.

சோதனை: தாளைத் திறந்து ஒரு குறியீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு `F9` அழுத்துங்கள். மாறினால் காரணம் அதுவே. தாளிலிருந்து பழையதை மீட்க முடியாது. அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பைத் தேடுங்கள், அதுதான் இனி மூலப் பட்டியல். அடுத்த முறை உருவாக்கியவுடன் `Copy`, பிறகு `Paste Special` → `Values` செய்து சூத்திரத்தை ஒழித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

### 2ஆ: எக்செல் எண்ணாகப் புரிந்துகொண்டது

பட்டியலில் `3.47E+09` என்று ஏதாவது தென்படுகிறதா? அது முன்பு `346797E4` என்ற கூப்பனாக இருந்திருக்கலாம். எண்களுக்கு நடுவே ஒரே ஒரு `E` வந்தால் எக்செல் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொள்ளும். `MAR27` போன்ற குறியீடு மார்ச் 27 ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண் குறியீடு அந்தப் பூஜ்யத்தை இழக்கும். சி.எஸ்.வி. கோப்பை இரண்டு முறை சொடுக்கித் திறந்து அப்படியே சேமித்தால் மூலம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரெழுத்துகள் ஐந்தையும் தொகுப்பிலிருந்து நீக்கியதற்கு இது பாதிக் காரணம். ஆங்கில மாதப் பெயர்களின் மூன்றெழுத்துச் சுருக்கம் எல்லாவற்றிலும் உயிரெழுத்து உண்டு. அது இல்லாவிட்டால் தேதியும் இல்லை, அடுக்கும் இல்லை. பூஜ்யம் ஏற்கெனவே தொகுப்பில் இல்லை. மறுபாதிக் காரணம், குலுக்கலில் கெட்ட வார்த்தை விழாது என்பது. குடும்பத்தோடு வந்தவருக்கு அப்படி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இருந்தாலும் கோப்பை உள்ளே எடுக்கும்போது அந்த நெடுவரிசையை `Text` என்று குறித்துவிடுவது நல்லது. எட்டு இடமும் எண்ணாக விழும் குறியீடு அரிதாக வரத்தான் செய்யும்.

## அறிகுறி 3: ஒரே குறியீட்டோடு இரண்டு பேர் வருகிறார்கள்

### 3அ: படம் பரவியது

முதலில் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு பேரிடமும் அச்சுச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரிடம் கைபேசிப் படம் மட்டும் இருந்தால் குலுக்கலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருமுறை பயன்படுத்தியதும் குறியீடு செல்லாது என்று மென்பொருளில் குறிக்கப்பட வேண்டும், அவ்வளவே.

### 3ஆ: சென்ற சீசனின் குலுக்கலே திரும்ப வந்தது

இரண்டும் அசல் சீட்டு, ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் இது. எக்செல் மேக்ரோவில் `Randomize` என்ற வரி இல்லாமல் `Rnd` மட்டும் இருந்தால், எக்செலை மூடித் திறந்த ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான் வரும். பைத்தானில் `random.seed(1)` என்று எங்காவது இருந்தாலும் இதே விளைவு. புதிய பட்டியலின் முதல் சில குறியீடுகளைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசை மாறாமல் ஒத்துப்போனால் ஐயமே வேண்டாம். மேலே உள்ள நிரலில் `secrets` பயன்படுத்தியிருப்பதும், `old` என்று பழைய பட்டியலைக் கொடுக்க இடம் வைத்திருப்பதும் இதற்காகவே.

### 3இ: குறியீடு மிகக் குட்டை

ஒரே தொகுதிக்குள் இரட்டை விழுந்தால் நீளத்தைப் பாருங்கள். நான்கு எழுத்து என்றால் மொத்தமே 65,536 குறியீடுகள்தான் சாத்தியம். அதிலிருந்து 4,000 எடுத்தால் நூற்றுக்கு மேற்பட்ட இணைகள் ஒன்றோடொன்று மோதும். ஏழு எழுத்துக்கு 26 கோடிக்கு மேல் இடம் இருக்கிறது, அதே 4,000-க்கு ஓர் இணை மோதும் வாய்ப்பே நூற்றுக்கு மூன்று. அதையும் விட்டுவைக்காமல் நிரல் தானே ஒதுக்கிவிடும்.

## அறிகுறி 4: நீங்கள் கொடுக்காத கூப்பன் செல்லுபடியாகிறது

பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்தச் சீட்டு இன்னும் உங்கள் மேசை இழுப்பறையில் கட்டோடு இருக்கிறது. யாரோ ஊகித்திருக்கிறார்கள்.

குறியீடுகள் வரிசை எண்ணா என்று முதலில் பாருங்கள். `OOTY101`, `OOTY102` என்று கொடுத்தால் அடுத்தது என்ன என்று குழந்தைக்கும் தெரியும். அடுத்து நீளம். நான்கு எழுத்தில் 4,000 கூப்பன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பதினாறு முறை அடித்தால் சராசரியாக ஒன்று விழும். ஏழும் ஒன்றும் சேர்ந்த அமைப்பில், சரிபார்ப்புக் கணக்குத் தெரிந்தவரே 67,000 முறைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தொட முடியும். கவுண்டரில் நின்றுகொண்டு அதை யாரும் செய்ய மாட்டார்கள். இணையக் கடையில் ஒரு நிரல் அதைச் சலிப்பில்லாமல் செய்யும்.

மூன்றாவது, குலுக்கிய கருவி. பைத்தானின் `random` விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குக்கும் ஆனது. பாதுகாப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம், `secrets`-ஐப் பயன்படுத்துங்கள் என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது. உலாவியில் `Math.random()`-க்கும் அதே நிலைதான், அங்கே `crypto.getRandomValues()` இருக்கிறது. அது தரும் 0 முதல் 255 வரையான எண்ணைப் பதினாறால் வகுத்து மீதி எடுத்தால் எல்லா எழுத்துக்கும் சம வாய்ப்பு கிடைக்கும். உங்கள் தொகுப்பில் 20 எழுத்து இருந்தால் கிடைக்காது, 256-ஐ இருபது சரியாக வகுப்பதில்லை. அப்போது 240-உம் அதற்கு மேலும் வரும் எண்களை எறிந்துவிட்டு மறுபடி குலுக்க வேண்டும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

1அ, 1ஆ இரண்டுக்கும் மென்பொருள் கொடுத்தவரிடம் "கூப்பன் கட்டத்தில் உள்ளீட்டைத் துப்புரவு செய்து, இந்த ஐந்து எழுத்தைத் திருத்துங்கள்" என்று மேலே உள்ள நான்கு வரியை அனுப்பினால் போதும். சிறிய வேலை, இதற்குப் பெரிய தொகை கேட்டால் பேரம் பேசுங்கள்.

2அ-வில் அச்சகக் கோப்பும் கிடைக்கவில்லை என்றால் நீங்களாக எதையும் மீட்க முயலாதீர்கள். இணையத்தில் சேமித்த தாளாக இருந்தால் அதன் பழைய பதிப்பை எடுத்துத் தரத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதிலும் அச்சான குறியீடு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைக்காவிட்டால், வரும் சீட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு தள்ளுபடி கொடுத்துவிடுவதுதான் மலிவு.

அறிகுறி 4 இணையக் கடையில் வந்தால் அன்றே கூப்பன் கட்டத்தை நிறுத்திவிட்டு, கடையை உருவாக்கிய நிரலாளரைக் கூப்பிடுங்கள். ஒரே இடத்திலிருந்து சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு தடுக்கும் வசதியை அவர்தான் போட முடியும். முயற்சிகளின் பதிவேட்டை அவர் வந்து பார்க்கும் வரை யாரும் அழிக்கக் கூடாது. கூப்பன் பத்து சதவீதத் தள்ளுபடியாக இல்லாமல் ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பரிசுச் சீட்டாக இருந்தால், அதைப் பணமாகவே கருதி, முதல் அச்சுக்கு முன்பே அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.